பின்னூட்டக் கதவை எவ்வளவு திறந்து வைப்பது: நாலு வழிகள், ஒரு மான் சண்டை

மானைப் பற்றி எழுதினால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள் என்று நினைத்துத்தான் எழுதினேன். திருகோணமலைக்கு வந்தவர்களுக்குத் தெரியும், பிரட்ரிக் கோட்டைக்குள்ளேயும் கடற்கரைப் பக்கமும் புள்ளிமான்கள் ஆடு மாடு மாதிரித் திரியும், ஆட்கள் பாசத்தில் சோற்றுப் பார்சலை லஞ்ச் ஷீட்டோடு நீட்டுவார்கள், அதுகளும் ஷீட்டையும் சேர்த்துத் தின்னும். அதை நிறுத்துங்கள் என்று நாலு பந்தி எழுதி மூன்று படத்தோடு போட்டேன். இரவு பத்து மணிக்குப் போனில் மின்னஞ்சல் வந்து விழுகிறது, திறந்தால் முதல் சொல்லே 'நாயே'.

அந்த இரவில் இருந்து இந்த விஷயத்தோடு மாரடித்திருக்கிறேன். முதலில் பிளாகரில் இருந்தேன், பிறகு வேர்ட்பிரஸுக்கு மாறினேன், இரண்டிலும் பின்னூட்டத்தை மூடியும் பார்த்தேன், திறந்தும் பார்த்தேன், ஒவ்வொன்றாகச் சலித்தும் பார்த்தேன். எது எதற்குச் சரி என்று என் அனுபவத்தில் சொல்கிறேன்.

மூடி வைப்பதும் திறந்து விடுவதும்

முழுதாக மூடுவது லேசு, ஆனால் மூடிவிட்டோம் என்று நினைத்தது மூடாமல் இருப்பதுதான் வழக்கமான பிழை. வேர்ட்பிரஸில் `Settings > Discussion` போய் `Allow people to submit comments on new posts` என்பதில் இருக்கும் சரி அடையாளத்தை எடுத்தால் இனி எழுதப்போகிற பதிவுகளுக்கு மட்டும்தான் மூடும், `new posts` என்று அதிலேயே எழுதியிருந்தும் யாரும் கவனிப்பதில்லை. ஏற்கனவே இருக்கிற பதிவு ஒவ்வொன்றும் தன் தன் அமைப்பைத் தானே வைத்திருக்கும். அதனால் பதிவுப் பட்டியலில் எல்லாவற்றையும் தெரிவு செய்து `Bulk actions`-இல் `Edit` கொடுத்து, அங்கே `Comments` என்ற இடத்தில் `Do not allow` போட வேண்டும். மான் பதிவுக்கு மட்டும் மூட வேண்டுமென்றால் அந்தப் பதிவின் `Discussion` பகுதியில் மூடினால் போதும். பிளாகரில் இது வேறு மாதிரி: `Comment location` என்பதை `Hide` ஆக்கினால் எல்லாப் பதிவிலும் பின்னூட்டங்கள் ஒரேயடியாக மறையும், ஆனால் அழியாது, திரும்ப எடுத்தால் பழையதெல்லாம் வந்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் பிளாகர் நல்லம்.

மூடுவதில் எனக்கு இருக்கிற குறை, ஏச்சோடு சேர்த்துத் திருத்தங்களும் நின்றுபோவது. நான் ஒரு ஒழுங்கையின் பழைய பெயரைப் பிழையாக எழுதியதை அங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு அம்மா பின்னூட்டத்தில்தான் சொன்னார், அவர் அதற்காக எனக்கு மின்னஞ்சல் எழுதியிருக்கவே மாட்டார். மூடினால் ஏசுகிறவன் அடங்குவதும் இல்லை, முகநூலில் இணைப்பைப் பகிர்ந்து அங்கே ஏசுவான், அங்கே நீக்கும் உரிமை நமக்கு இல்லை.

திறந்துவிட்டால்? ஒரு வாரம் பார்த்தேன், போதும் என்றாகிவிட்டது. அதில் முக்கால்வாசி ஏச்சே இல்லை, விளம்பரக் குப்பை. பலர் இதில்தான் குழம்புகிறார்கள். வேர்ட்பிரஸில் பலரும் போடும் அகிஸ்மெட் என்ற செருகி குப்பை விளம்பரத்தைப் பிடிக்கச் செய்யப்பட்டது, அந்த வேலையை நன்றாகவே செய்கிறது, ஆனால் தமிழில் ஒருவர் உங்கள் அம்மாவை இழுத்து எழுதினால் அது அதற்கு விளம்பரம் இல்லை, பேசாமல் விட்டுவிடும். குப்பைக்கு ஒரு வலை, தூஷணத்துக்கு வேறு வலை. இரண்டாவது வலை பெரும்பாலும் உங்கள் கண்தான்.

எல்லாவற்றையும் பிடித்து வைப்பதா, முதல் தடவை மட்டுமா

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான். `Comment must be manually approved` என்பதைப் போட்டால் எவர் எழுதினாலும் நீங்கள் பார்த்து அனுமதித்தால்தான் வெளியே வரும். பிளாகரில் `Comment moderation?` என்பதை `Always` ஆக்குவது இதே வேலை. ஒரு கெட்ட சொல்லும் வாசகர் கண்ணில் படாது, அது பெரிய நிம்மதி. ஆனால் மான் பதிவு போட்ட வாரம் நான் மூதூரில் ஒரு கலியாண வீட்டில் நின்றேன், அனுமதிக்குக் காத்திருக்கும் வரிசையை இரண்டு நாள் பார்க்கவில்லை. திரும்பி வந்து பார்த்தால் ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டிருக்கிறார்கள், ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியவில்லை. ஒருவர் 'எனக்குப் பயந்து மறைத்துவிட்டாய்' என்று இரண்டாவது பின்னூட்டமும் போட்டிருந்தார். முதலாவதைப் பார்த்தால் அதில் ஒரு குற்றமும் இல்லை, மனுசன் நல்லபடியாகத்தான் எழுதியிருக்கிறார், காக்க வைத்துக் கோபப்படுத்தியது நான்.

இன்னொரு கரைச்சலும் உண்டு. எல்லாவற்றையும் பிடித்து வைத்தால் எல்லா ஏச்சும் நேரே உங்களிடம் வரும், அதுவும் மின்னஞ்சலாக, முழு வாசகத்தோடு, நீங்கள் பாயில் சாய்கிற நேரத்தில். வேர்ட்பிரஸின் அதே `Discussion` பக்கத்தில் மின்னஞ்சல் அனுப்புவது பற்றிப் பெட்டிகள் இருக்கின்றன, அதில் `A comment is held for moderation` என்பதில் உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டு வரிசையைப் பார்ப்பது வேறு, இரவு பத்து மணிக்குப் போன் துள்ளுவது வேறு. நிதானம் என்று எல்லாரும் சொல்கிற விஷயம் எனக்கு வந்தது அந்த அடையாளத்தை எடுத்த பிறகுதான்.

நான் இப்போது வைத்திருப்பது மற்றது: `Comment author must have a previously approved comment`. முதல் தடவை எழுதுகிறவர் காத்திருப்பார், ஒருமுறை அனுமதி கிடைத்துவிட்டால் அடுத்த தடவை நேரே போகலாம். இது எப்படி அடையாளம் காண்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். எழுதுகிறவர் கொடுக்கும் பெயரும் மின்னஞ்சலும் இரண்டும் சேர்ந்து, முன்பு அனுமதித்த ஒன்றோடு அப்படியே பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கும். அதனால்தான் என்னுடைய நிரந்தர வாசகர் ஒருவர், கணினியில் ஆங்கிலத்திலும் போனில் தமிழிலும் பெயரை எழுதுகிறவர், 'தம்பி, நேற்று போனது இன்றைக்கு ஏன் நிற்குது' என்று கேட்டார். பிழை அவருடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. இரண்டு எழுத்தில் எழுதின பெயர் அதற்கு இரண்டு ஆள்.

இதில் ஓட்டையும் இருக்கிறது. முதல் பின்னூட்டத்தை 'அருமை அண்ணா' என்று எழுதி அனுமதி வாங்கிவிட்டு இரண்டாவதில் தூஷணம் எழுதலாம். என் பதிவில் அப்படி நடந்தது இரண்டே முறை. அதனால் 'அருமை', 'நன்றி' என்று மட்டும் வருவதை நான் உடனே அனுமதிப்பதில்லை, பதிவைப் பற்றி ஏதாவது ஒரு வரி இருந்தால்தான். பாவம், உண்மையாகவே அருமை என்று சொன்னவர்களும் அதில் மாட்டியிருப்பார்கள்.

பிளாகரில் இந்த நடுவழி இல்லை. அங்கே இருக்கிற `Sometimes` வேறு அர்த்தம், இத்தனை நாளுக்கு மேல் பழைய பதிவு என்றால் மட்டும் பிடித்து வைக்கும், புதுப் பதிவை விட்டுவிடும். பழைய பதிவுக்குத்தான் குப்பை அதிகம் வரும் என்பதால் அதுவும் உதவிதான், ஆனால் சண்டை வருவது புதுப் பதிவில். பிளாகரில் இருக்கிறவர்கள் `Who can comment?` என்பதில் கூகுள் கணக்கு உள்ளவர்கள் மட்டும் என்று வைத்தால் பழைய அனானி ஆட்டம் பெரிய அளவில் குறையும். கூடவே கணக்குத் திறக்கத் தெரியாத வயதானவர்களும் குறைவார்கள், எனக்கு ஒழுங்கையின் பெயரைத் திருத்திய அம்மா மாதிரி ஆட்கள். வேர்ட்பிரஸில் எனக்குப் பிடித்த இன்னொன்று, பழைய பதிவுகளின் பின்னூட்டத்தைத் தானே மூடுகிற, `Automatically close comments` என்று தொடங்கும் அமைப்பு. அதில் 14 நாள் என்று போட்டிருக்கும், நான் 60 ஆக்கினேன், எங்கள் ஊர்க்காரர் பதிவை ஆறுதலாகத்தான் வாசிப்பார்கள்.

எந்த வழி என்றாலும் மாற்றியதும் சோதித்துப் பாருங்கள், அதுவும் உள்நுழையாத ஜன்னலில், அதாவது உலாவியின் மறைநிலையில். நிர்வாகியாக உள்ளே நின்றுகொண்டு எழுதினால் உங்கள் பின்னூட்டம் எப்போதும் நேரே வெளியாகிவிடும், 'அமைப்பு வேலை செய்யவில்லை' என்று நினைத்து இன்னும் நாலு பெட்டியைக் கிண்டிக் குழப்புவீர்கள். நான் குழப்பினேன்.

அந்த 'நாயே' பின்னூட்டம்

அதை முழுதாகச் சொல்லாமல் விட்டேன். இப்படித்தான் இருந்தது: 'நாயே, உனக்கு மானைப் பற்றி என்ன தெரியும், கோட்டைக்குள்ள வெயில் காலத்தில் குடிக்கத் தண்ணி இல்லாமல்தான் அதுகள் றோட்டுக்கு வருது, வீட்டுக்குள்ள இருந்து எழுதிற உனக்கு அது விளங்குமா.' முதல் சொல்லை விட்டால் மிச்சம் நான் எழுதாமல் விட்ட ஒரு விஷயம். நான் குப்பையைத்தான் பார்த்தேன், தண்ணீரை யோசிக்கவே இல்லை.

இந்த மாதிரிக்கு நாலு மருந்து உண்டு, நாலையும் யோசித்தேன். அப்படியே வெளியிட்டால், நான் பொறுத்துக்கொண்டாலும் என்னை ஆதரிக்கிறவர்கள் பொறுக்கமாட்டார்கள், அவனுக்குப் பத்துப் பேர் ஏசுவார்கள், மான் காணாமல் போய்விடும். நீக்கினால் தண்ணீர் விஷயமும் போகும். வேர்ட்பிரஸில் மற்றவர் எழுதியதைத் திருத்தலாம், பிளாகரில் முடியாது, நீக்க மட்டும்தான் முடியும். ஆனால் திருத்துவது எனக்கு மனம் ஒப்பவில்லை, ஒருவர் பெயரின் கீழ் அவர் எழுதாத வாசகம் நிற்பது சரியில்லை. திருத்தத்தான் வேண்டுமென்றால் எடுத்த இடத்தில் 'ஒரு சொல் நீக்கப்பட்டது, பதிவர்' என்று வெளிப்படையாக எழுதிவிடுவது முறை.

நான் எடுத்தது நாலாவது. வரிசையிலேயே விட்டுவிட்டுக் காலையில் அவர் கொடுத்த முகவரிக்கு எழுதினேன்: 'தண்ணீர் பற்றிச் சொன்னது முக்கியம், நான் கவனிக்கவில்லை. முதல் சொல்லை எடுத்துவிட்டுத் திரும்ப அனுப்பினால் இன்றைக்கே போடுகிறேன்.' அவ்வளவுதான். மரியாதை பற்றிப் பாடம் எடுக்கவில்லை, 'இப்படி எழுதலாமா' என்று கேட்கவுமில்லை. அஞ்சல் திரும்பி வந்துவிட்டது, முகவரி பொய். சரி என்று பதிவின் கீழே நானே ஒரு பின்னூட்டம் போட்டேன்: கோபமாக எழுதிய ஒரு வாசகரின் கருத்தை அவர் மொழிக்காக வெளியிடவில்லை, ஆனால் தண்ணீர் பற்றி அவர் கேட்டது நியாயம், போய்ப் பார்த்து எழுதுகிறேன் என்று. அடுத்த நாள் பின்னேரம் அதே பெயரில் இன்னொன்று வந்தது, இந்த முறை தொட்டி எங்கே வைக்கலாம் என்று மூன்று இடம் சொல்லி. முதல் சொல் 'அண்ணை'. அனுமதித்தேன்.

எல்லாம் இப்படி முடியாது, அதையும் சொல்ல வேண்டும். எனக்கு வரும் ஏச்சுக்கு நான் பொறுமையாக இருக்கலாம், அது என் பாடு. இன்னொரு வாசகரைப் பற்றி, ஒரு சமயத்தைப் பற்றி, ஒரு இனத்தைப் பற்றி வருகிறதற்கு இந்தக் கடிதம் எழுதும் வேலை கிடையாது, நீக்குவேன், பதிலும் இல்லை. எங்கள் ஊரில் மூன்று மொழியிலும் பின்னூட்டம் வரும். என் சிங்களம் கடைக்குப் போய் வரத்தான் காணும், கிண்டலா ஏச்சா என்று பிரிக்கத் தெரியாது. அதனால் சிங்களத்தில் வருவதை நண்பர் ஒருவர் பார்க்கும்வரை பிடித்தே வைக்கிறேன். விளங்காததை அனுமதிப்பதைவிடப் பிந்துவது மேல்.

மிரட்டல் வந்தால் மட்டும் நீக்க அவசரப்படாதீர்கள். குப்பைத் தொட்டிக்குள் நீங்கள் போட்டதை வேர்ட்பிரஸ் 30 நாளில் தானே அழித்துவிடும், அதோடு எழுதினவரின் பெயர், மின்னஞ்சல், ஐபி முகவரி எல்லாம் போய்விடும். அனுமதிக்காமல் விட்டாலே வாசகருக்குத் தெரியாது, முதலில் அந்தத் திரையை நாள், நேரம் தெரியப் படம் பிடித்து வையுங்கள். பிளாகர் ஐபியைக் காட்டாது, படம்தான் ஒரே ஆதாரம். ஐபியை வைத்து ஆளைத் தடுக்கலாம் என்று மட்டும் நம்பாதீர்கள், போன் டேட்டாவில் ஒரே முகவரியைப் பலர் பகிர்வார்கள், நாளைக்கு அது வேறு ஆளிடம் இருக்கும். ஏசினவனைத் தடுக்கிறோம் என்று அடுத்த தெருவையே தடுத்துவிடுவோம்.

வெளியான பிறகு நீக்க வேண்டி வந்தால் அதற்குக் கீழே பதில்கள் இருக்கிறதா என்று பாருங்கள். வேர்ட்பிரஸில் தலையை நிரந்தரமாக அழித்தால் பதில்கள் அந்தரத்தில் தொங்கும், 'நீதான் அப்படி' என்ற வரி யாரைப் பார்த்துச் சொன்னது என்று தெரியாமல் நிற்கும். நான் அப்போது நீக்காமல் வாசகத்தை மட்டும் எடுத்துவிட்டு 'இழிசொல் இருந்ததால் நீக்கினேன், பதிவர்' என்று வைப்பேன்.

சொற்பட்டியல்: நான் பட்ட பாடு

மான் சண்டைக்குப் பிறகு எனக்கு ஒரு ஐடியா வந்தது. `Settings > Discussion`-இன் அடியில் இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. `Comment Moderation` என்ற பெட்டியில் போட்ட சொல் வந்தால் பின்னூட்டம் வரிசையில் நிற்கும். `Disallowed Comment Keys` என்ற பெட்டியில் போட்ட சொல் வந்தால் நேரே குப்பைத் தொட்டிக்குப் போகும். வரிக்கு ஒரு சொல். இரண்டாவதில் 'நாயே' என்று எழுதப் போனேன். 'நாய்' என்றும் வரும், 'நாயின்' என்றும் வருமே என்று யோசித்து, கெட்டித்தனம் என்று நினைத்து, மூன்றுக்கும் பொதுவாக 'நாய' என்று போட்டுவிட்டேன்.

இந்தப் பெட்டி சொல்லை முழுச் சொல்லாகப் பார்ப்பதில்லை, எந்தச் சொல்லுக்குள் இருந்தாலும் பிடிக்கும். 'press' என்று போட்டால் WordPress-உம் மாட்டும் என்று அந்தப் பெட்டிக்கு மேலேயே எழுதியிருக்கிறார்கள், ஆங்கிலம்தானே என்று நான் வாசிக்காமல் போனேன். தமிழில் இது இன்னும் மோசம், ஒரு சொல்லோடு எதுவும் ஒட்டும். 'நாய' என்ற எழுத்துகள் விநாயகருக்குள் இருக்கின்றன, ஜனநாயகத்துக்குள் இருக்கின்றன. மான் பதிவிலேயே தெருநாய்கள் மான்குட்டியைத் துரத்துகின்றன என்று எழுதின நல்ல மனுசர் எல்லாரும் அதில் மாட்டினார்கள்.

இப்படிக் குப்பைக்குப் போவது சத்தமில்லாமல் போகும், அதுதான் பொல்லாத விஷயம். வரிசையில் நிற்கிற பின்னூட்டம் என்றால் எழுதினவருக்கு 'அனுமதிக்குக் காத்திருக்கிறது' என்று திரையில் காட்டும், எனக்கும் தெரியும். குப்பைக்குப் போனால் அவருக்கும் ஒன்றும் காட்டாது, எனக்கும் மின்னஞ்சல் வராது. பின்னூட்டம் குறைந்துவிட்டதே, சனத்துக்கு ஆர்வமில்லைப் போல என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தெரிய வந்தது ஒரு போனில். 'அண்ணை, நான் எழுதினதில என்ன பிழை, ஏன் போடயில்ல' என்று ஒரு தம்பி கேட்டான். `Comments` பக்கத்தில் `Trash` என்பதைத் திறந்தேன். பதினொன்று கிடந்தது. இரண்டு உண்மையான ஏச்சு, ஒன்பது சும்மா ஊர்க்கதை. அப்படியும் தூஷணம் எழுதுகிறவர்கள் தப்பித்துத்தான் இருந்தார்கள், ஆங்கில எழுத்தில் naaye என்று எழுதினால் என் தமிழ்ப் பட்டியலுக்கு என்ன தெரியும். சில விசைப்பலகையில் 'கொ' என்பதையே இரண்டு விதமாக உள்ளே பதியலாம், கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு, அப்படி வந்தாலும் தப்பிவிடும்.

இப்போது அந்தப் பெட்டி வெறுமையாக இருக்கிறது. பட்டியல் முழுவதையும் மேலே உள்ள `Comment Moderation` பெட்டிக்கு மாற்றினேன், பிடித்து வைக்கட்டும், எறிய வேண்டாம். 'நாய' என்பதை எடுத்துவிட்டு 'நாயே' என்றே வைத்தேன். அதிலும் பழைய பதிகங்களில் அடியார் தன்னை 'நாயேன்' என்று சொல்கிற வரி வந்தால் நிற்கும், மார்கழியில் நிற்கவும் செய்தது, பார்த்து அனுமதித்தேன், யாருக்கும் நட்டமில்லை.

தம்பி எழுதினதில் என்ன இருந்தது என்று சொல்லவில்லையே. கோணநாயகர் தேர் அன்று எந்த வீதிகளை எத்தனை மணிக்கு மூடுவார்கள், மோட்டார் சைக்கிளை எங்கே விடலாம் என்று விபரமாக எழுதியிருந்தான். அனுமதித்துவிட்டு, பிந்தியதற்கு மன்னிப்பும் கேட்டு ஒரு பதில் போட்டேன். அன்றிரவே அவன் பதில் வந்தது, இந்த முறை நேரே வெளியாகியிருந்தது: 'பரவாயில்லை அண்ணை, தேர் போய் மூண்டு கிழமையாச்சு.'